மீட்டருக்குச் சோறு

"...சுத்தமாய்டுச்சுன்னு நீங்க சொல்றீங்க, நான் நம்பறேன்க்கா. ஆனா என் வாயி நம்ப மாட்டேங்குதே" என்றாள் அவள், கவுண்டரில் கிடந்த தன் போனைப் பார்த்துக்கொண்டே.

கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் என் கடை. போன் பழுது பார்ப்பேன், சிம் போடுவேன், கவர் விற்பேன். எனக்கு இந்தத் தொழிலை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன போன்களைப் பிரித்துப் பிரித்து நானாகப் படித்ததுதான். போனில் குடும்பப் படம் இருக்கும், அதை ஆம்பளைக் கடையில் விட்டுவிட்டு வர மனசு வராது என்று பெண்கள் என்னிடம் வருவார்கள். வருகிறவர்கள் போனைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதே எனக்கு ஒரு சுகம். "போன் கொதிக்குதுக்கா, மேல முட்டை உடைச்சு ஊத்தலாம்" என்பாள் ஒருத்தி. "காது கேக்குது, வாய் பேச மாட்டேங்குது, என் மாமியாருக்கு நேர் எதிர்" என்பாள் இன்னொருத்தி. இப்படிப்பட்ட பேச்சை நான் மறப்பதே இல்லை. "என் வாயி நம்ப மாட்டேங்குதே" என்பதையும் மறக்க மாட்டேன். ஆனால் அதை நினைத்து என்னால் சிரிக்க முடியாது.

அவள் முதலில் வந்தது வெயில் ஏறின ஒரு சனிக்கிழமை மதியம். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை விரித்துப் பிசிறு, கறை, பொத்தான் பார்ப்பது. வீடு வெள்ளானூர் பக்கம் புதிதாக மனை போட்ட இடத்தில். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. புருஷன் வேன் டிரைவர். காலையில் அவளையும் மற்ற ஆட்களையும் அதே கம்பெனி வாசலில் இறக்கிவிட்டால், சாயங்காலம் ஏற்றும்வரை அவருக்கு வேலை இல்லை. நிழல் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு போன் பார்ப்பார். அவர் என்ன பார்த்தார் என்பதுதான் இந்தக் கதை.

"டெம்பர் கிளாஸ் மாத்தணும்" என்றுதான் ஆரம்பித்தாள். திரை மேல் ஒட்டியிருந்த கிளாஸில் ஒரு கீறல்கூட இல்லை. நான் அதைச் சொன்னதும் அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. போன் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. எனக்குச் சட்டென்று என்னவோ பட்டது. ஏனென்றால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நூம்பலிலிருந்து ஒரு பெண் சாதாரண பட்டன் போன் வாங்க வந்திருந்தாள், நெற்றியில் பிளாஸ்திரியோடு. வேறு ஏதோ ஒரு கடையில் அவள் போனில் ஒளிந்திருந்த வேவு ஆப்பை நல்ல மனசோடு அழித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது புருஷன் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தானாம். "இன்னாத்த கழட்டிகினு வந்த?" என்று கேட்டானாம். அனுப்பிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால், பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரியாமல் போகுமா?

அதனால் இவளிடம், "கிளாஸ் ஒட்ட நேரமாகும்மா, பக்கத்துல ஜூஸ் சாப்புடலாம் வா" என்று போனுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். போனைக் கடையிலேயே, பாட்டு ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை ஒட்டி வைத்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜூஸ் வண்டிக்குக் கூட்டிப் போனேன். அங்கே வேப்பமரத்தடியில் நின்றுதான் அவள் பேசினாள்.

அவளுக்கு ஒரு தோழி. கம்பெனியில் பக்கத்து டேபிள்காரி. அவள் இவளுடைய புருஷனுக்கு 'மீட்டர்' என்று பெயர் வைத்திருந்தாள். எங்கே நின்றாலும், எத்தனை நேரம் நின்றாலும் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிற ஆள், அதனால் மீட்டர். இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்வதோடு சரி, வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. "மீட்டர் கெளம்பிடுச்சா?" என்று தோழி எழுதுவாள். "ஓடிகினு கீது" என்று இவள் பதில் போடுவாள்.

அந்த வாரம் ஒருநாள் சாயங்காலம், புருஷன் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சிரித்தாராம். "இன்னா, மீட்டருக்குச் சோறு இல்லியா?"

"எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சுக்கா. இன்னாதுன்னு கேட்டேன். வேன்ல ஒருத்தன் சொன்னான், சும்மா வாயில வந்துச்சுன்னாரு. சோறு போட்டேன். கொழம்பு கீழ கொட்டிச்சு. அதுக்கும் சிரிச்சாரு."

அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அப்போதுதான் அவளுக்கு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டதாம். லீவு நாளில் எங்காவது போய்விட்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தால், வீட்டில் "டீ நல்லா இருந்துச்சா?" என்ற கேள்வி காத்திருக்கும். அம்மாவிடம் போனில் "கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமா" என்று கேட்ட மறுநாள், அவளுடைய ஆதார் கார்டு பீரோவிலிருந்து காணாமல் போய், பிறகு தானாகத் திரும்பி வந்தது. ஒருமுறை தெருமுனைக் கடைக்குச் சொல்லாமல் போய் வந்ததற்கு அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். குழந்தையை மட்டும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு.

இன்னொன்றும் சொன்னாள். அவள் கம்பெனியில் வேலை நடக்கிற லைனுக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது. காலையில் லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வேலை முடிந்துதான் கையில் வரும். நடுவில் யாரும் தொடுவதில்லை. ஆனாலும் எடுக்கும்போது போன் சுடும், சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும், அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சூடாகிற போன் எல்லாம் வேவு பார்க்கிற போன் இல்லை. பழைய பேட்டரியும் சுடும், சும்மா கிடக்கும்போதே படங்களை மேலே ஏற்றுகிற போனும் டேட்டாவைத் தின்னும். எனக்குப் பேட்டரி பெரிய சாட்சி இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் சாட்சி. எழுத்தில் மட்டும் இருந்த வார்த்தை ஒருவன் வாய்க்கு வந்தது என்றால், அந்த எழுத்தை அவன் படித்திருக்கிறான்.

அவளுக்கு வேண்டியது போன் சுத்தமாவது மட்டுமில்லை. குழந்தையோடு அந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். போகிற அன்றைக்கு அவருக்குத் தெரிந்துவிட்டால் முடிந்தது. "இந்தத் தடவை பூட்டறதோட வுட மாட்டாருக்கா" என்றாள்.

கடைக்குத் திரும்பியதும், "என்னம்மா, சார்ஜ் நிக்கலன்னு வேற சொல்ற, என்ன தின்னுதுன்னு பாத்துடட்டுமா?" என்று சத்தமாகக் கேட்டேன். நான் திரையில் எதைத் தொடுகிறேன் என்பதும் அந்தப் பக்கம் போகலாம். பேட்டரி புகார் என்றால் செட்டிங்ஸுக்குள் போவதற்கு ஒரு காரணம் ஆயிற்று.

பேட்டரிப் பட்டியலில் எனக்குத் தெரியாத ஒரு பெயர் மேலே நின்றது. போனோடு வந்த சாமான் மாதிரி 'சிஸ்டம்' என்று ஆரம்பிக்கிற பெயர். முகப்பில் அதற்குப் படமே இல்லை. கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டவென்று போனில் அணுகல்தன்மை என்று ஓர் அனுமதி உண்டு. அது கிடைத்த ஆப், திரையில் வருவதையெல்லாம் படிக்கலாம். அந்தப் பட்டியலில் இது உட்கார்ந்திருந்தது. வருகிற அறிவிப்புகளைப் படிக்கிற அனுமதியிலும் இருந்தது. சாதன நிர்வாகி என்கிற பட்டியலிலும் இருந்தது. அங்கே இடம் பிடித்துவிட்டால் நேராக அழிக்கப் போனால் அழியாது. பிளே ஸ்டோரின் பாதுகாப்புச் சோதனையை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் இறக்கும் அனுமதி திறந்து கிடந்தது. இதையெல்லாம் எங்கோ உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து, நிதானமாக ஒருவர் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு திரையையும் என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்து அழித்துவிடச் சைகை காட்டினாள். நான் வேண்டாமென்று தலையாட்டி, மறுபடி மரத்தடிக்குக் கூட்டிப் போனேன்.

"இப்ப எடுத்தா அவருக்குத் தெரிஞ்சுடும் கண்ணு. நீ வெளிய போற வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும். உன்ன வுட்டுட்டு இது மட்டும் அவருகிட்ட பேசட்டும்."

எங்கே போகிறாய் என்று என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்றேன். இந்தப் போனில் எதையும் தேடவும் வேண்டாம். பெண்களுக்கான உதவி எண்ணைத் தோழியின் போனிலிருந்து கூப்பிடட்டும். குழந்தையின் பள்ளிப் பையையும் தன் கைப்பையையும் உதறிப் பார்க்கட்டும், காசு அளவில் இடம் காட்டுகிற கருவிகள் வருகின்றன. தோழியோடு வாட்ஸ்அப்பில் பேசுவதை மட்டும் நிறுத்தக் கூடாது, நின்றால் சந்தேகம் வரும்.

நான் பயந்த மாதிரியே ஆயிற்று. திங்கட்கிழமை காலை வேன் என் கடை வாசலில் வந்து நின்றது.

சிரித்த முகம். இஸ்திரி போட்ட சட்டை. அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "வணக்கம்க்கா, சனிக்கெயம நம்ம ஊட்டு போன்ல இன்னாக்கா பாத்தீங்க?" என்றார். கோபமே இல்லாத குரல்.

சார்ஜ் நிற்கவில்லை என்றாள், எந்த ஆப் தின்கிறது என்று பார்த்தேன், பேட்டரி பழசாகிவிட்டது மாதிரி இருக்கிறது என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அவள் கையிலிருந்த போனை வாங்கித் தன் கட்டைவிரலை வைத்தார். அவள் போன் அவர் விரலுக்குத் திறந்தது.

"பேட்டரி மட்டும் பாருங்கக்கா. செட்டிங்ஸ்குள்ள போவாதீங்க. நான் எல்லாத்தையும் பக்காவா வெச்சிகினு கீறேன். இதுக்கு ஒண்ணுந் தெரியாது, எதனா தொட்டு வெச்சிடும்."

'இது' என்றது அவளை. அவள் கவுண்டரில் தொங்கிய சார்ஜர் வயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாடலுக்குப் பேட்டரி வர நாளாகும் என்று நான் சொன்னேன். அவர் ஒரு சார்ஜர் வாங்கிக்கொண்டு, போகும்போது என் கல்லா மேலிருந்த சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் வேனில் போகிறவர்கள் எல்லாரும் தங்கமான மனுஷன் என்பார்களாம். பொய் சொல்லவில்லை அவர்கள். அவர்களுக்குக் காட்டியது அதைத்தான்.

அதற்குப் பிறகு அவள் என் கடைக்கு வரவில்லை. தோழிதான் வருவாள். வாட்டசாட்டமான, வாய் நிறையப் பேசுகிற பெண். இருவரும் வாட்ஸ்அப்பில் சமையலாக எழுதித் தள்ளுகிறார்களாம், வத்தக்குழம்பு எப்படி, ரசத்துக்குப் பருப்பு எவ்வளவு என்று. "நம்மாளு இந்நேரம் நல்லா சமைக்கக் கத்துகினு இருப்பாருக்கா" என்றாள். சிரித்தோம். உடனே அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

எந்த நாள், எப்படி என்று யோசித்தது தோழிதான். போனை எங்கே விட்டுவிட்டுப் போவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் விட்டால், போன் மட்டும் வீட்டில் இருக்கிறதே என்று தெரியும். கூடக் கொண்டுபோனால், போகிற இடமெல்லாம் தெரியும். தோழி கேட்டாள், "ஏன்க்கா, அதுதான் தெனமும் லாக்கர்லதானே கீது?"

எனக்கு அது தோன்றவே இல்லை. தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தப் போன் எஸ்டேட்டில் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்துப் பழகின கண் அவருடையது. அது அங்கேயே நின்றால் அவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு புதன்கிழமை அவள் வழக்கம்போல அவர் வண்டியிலேயே வந்து இறங்கினாள். போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தோழியின் கழுத்தில் மாட்டிவிட்டு, காய்ச்சல் என்று லைன் மேடத்திடம் கேட் பாஸ் வாங்கிப் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். நேராகப் பள்ளிக்கூடம், குழந்தை, அங்கிருந்து மகளிர் காவல் நிலையம். தானாக விரும்பித்தான் வீட்டை விட்டு வந்தேன், குழந்தை என்னிடம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். நான் எடுத்த படங்களை அச்சுப் போட்டுத் தோழியிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தேன், அதையும் சேர்த்து வைத்தாள். ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் முன்பே தோழி வீட்டுக்குப் போயிருந்தன, சட்டைத் துணிக்குள் மடித்து ஒவ்வொன்றாக. உதவி எண்ணில் பேசிய அம்மா சொல்லியிருந்த இடத்துக்கு அன்று மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வேன் கம்பெனி வாசலில் நின்றதாம். ஷிப்டு விட்டு எல்லாரும் வெளியே வந்தாயிற்று. தோழி பஸ்ஸுக்கு நடந்தாள். அவர் போன் செய்துகொண்டே இருந்தாராம். உள்ளே, பூட்டிய லாக்கரில், அது சத்தமில்லாமல் அதிர்ந்துகொண்டிருந்திருக்கும்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போது அவர் வாசலில் நின்றார். முந்தின நாள் சட்டையே. முகம் மழிக்கவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வரைபடத்தில் ஒரு புள்ளி.

"இதோ பாருக்கா, உள்ளதான் கீது. கம்பெனிலதான் கீறா. செக்யூரிட்டி பொய் சொல்றான். இங்கதான் காட்டுது, நல்லாப் பாரு."

அவர் குரல் உடைந்திருந்தது. ராத்திரியெல்லாம் அந்தப் புள்ளியோடு உட்கார்ந்திருக்கிறார். மனைவி போய்விட்டாள் என்பதைவிட, புள்ளி பொய் சொல்லும் என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. எனக்குத் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் புள்ளியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று மதியம் காவல் நிலையத்திலிருந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன் என் கைக்கு வந்தது பல வாரங்கள் கழித்து. தோழி அதை அணைத்துக் கொண்டுபோய் நிலையத்தில் கொடுத்திருந்தாள். அவர்கள் தேவையானதை எடுத்துக்கொண்டு, இனி அழிக்கலாம் என்று சொன்ன பிறகு போனுக்குச் சொந்தக்காரியான அவளே எடுத்துவந்தாள். இளைத்திருந்தாள். பேசும்போது குரலைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டு பேசினாள்.

முதலில் அவள் மெயில் கணக்கு. அதை அந்தப் போனில் தொடாமல் என் கடைக் கணினியில் திறந்தோம். அவர் போனும் அதில் உள்ளே இருந்தது. கடவுச்சொல் மறந்தால் கேட்க வேண்டிய எண்ணும் அவருடையதுதான். கடவுச்சொல்லை மாற்றி, எண்ணை மாற்றி, எல்லாக் கருவிகளையும் வெளியேற்றி, இடம் பகிர்வதை நிறுத்தினேன். சிம் அவர் பெயரில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அவள் பெயரில் புதியது போட்டோம். வாட்ஸ்அப்பில் இணைத்திருந்த வேறு ஒரு கருவியையும் கழற்றினேன்.

பிறகுதான் அந்த ஆப். அணுகல்தன்மையில் அதன் அனுமதியைப் பிடுங்கி, நிர்வாகிப் பட்டியலிலிருந்து இறக்கி, அழித்தேன். அதோடு நான் நிற்கவில்லை. இன்னொன்று எங்காவது ஒளிந்திருந்தால்? குழந்தையின் படங்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, போனை வாங்கிய நாளில் இருந்தது மாதிரி முழுவதும் துடைத்தேன். பழையதிலிருந்து ஆப் எதையும் திரும்ப இறக்கவில்லை, இறக்கினால் கழுவிவிட்டதே திரும்பி வரும். வேண்டியதை ஸ்டோரிலிருந்து புதிதாகப் போட்டேன், பாதுகாப்புச் சோதனையை மறுபடி இயக்கிவிட்டேன். புதுப் பூட்டு எண்ணை நான் திரும்பி நின்றுகொள்ள அவளே வைத்தாள். விரல் ரேகை அவளுடையது ஒன்று மட்டும்.

"இப்ப உன் விரலுக்கு மட்டும்தான் திறக்கும். சுத்தமாய்டுச்சு, கண்ணு" என்றேன்.

அவள் விரலை வைத்தாள். திறந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நல்லா கீறாக்கா என்று ஆரம்பித்தவள், பாதியில் போனைப் பார்த்து நிறுத்தினாள். எங்கே இருக்கிறாய் என்பதை இப்போதாவது சொல்லலாம் என்றேன். சொல்ல அவளுக்கு ஆசைதான், முகத்தில் தெரிந்தது. வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. அப்போதுதான் சொன்னாள், நீங்கள் சுத்தம் என்கிறீர்கள், நான் நம்புகிறேன், என் வாய் நம்பவில்லை என்று.

சொல்லிவிட்டுப் போனைக் கவுண்டரில் குப்புறக் கவிழ்த்தாள். ரேடியோவின் சத்தத்தைத் தானே கூட்டி வைத்தாள். கடையை விட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டி, ஜூஸ் வண்டிக்கும் அந்தப் பக்கம், வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டு, என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.